விடியற்காலைக் கனவும் தூக்கத்தின் கட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனை அறையில் எனக்கு இரவு வேலை. வருபவருக்கு ஒயர்களை மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். பல்லடம், கோபி, உடுமலை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் அந்த நேரத்தில் கேட்பவை ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். குறட்டையும் மூச்சடைப்பும் தனிக் கதை என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

ஏனுங்க, தூங்குனா மூளையும் தூங்கிருமில்லீங்க?

இல்லை. 1920களில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதன்பிறகு தூங்குகிறவர்களையும் பதிவு செய்து பார்த்தபோது, இரவு முழுக்க மூளை சும்மா இருப்பதே இல்லை என்று தெரிந்தது. சில நேரம் பெரிய, மெதுவான அலைகள் வருகின்றன. சில நேரம், ஆள் முழித்துக்கொண்டாரோ என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்ன, வேகமான அலைகள் வருகின்றன.

இந்த மாற்றங்கள் தாறுமாறாக வருவதில்லை, அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த வரிசையைத் தெரிந்துகொண்டாலே விடை கிடைத்துவிடும்.

தலையில இத்தனை ஒயர் எதுக்குங்க? ஷாக் கீக் அடிக்காதுங்களா?

அடிக்காது. ஒயர் வழியாக உள்ளே எதுவும் போவதில்லை, மூளையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான். அதுவும் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கிற அளவு சின்னது. அதனால்தான் எண்ணெய் வைக்காமல், அரப்போ ஷாம்புவோ போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்கிறோம். தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது, நடுராத்திரியில் ஒயர் கழன்றுவிடும். டேப்பால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தை நறநறவென்ற ஜெல்லால் தேய்த்து, சின்னக் கிண்ணம் போன்ற உலோகத் துண்டைப் பசையோடு அழுத்துவோம்.

தலைக்கு மட்டும் மாட்டினால் போதாது. கண் ஓரத்தில் இரண்டு, தாடைக்குக் கீழே இரண்டு மூன்று என்று வைப்போம். கண் அசைகிறதா, தாடைத் தசை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். கனவுத் தூக்கத்தைக் கண்டுபிடிக்க இந்த இரண்டும் மூளையலை அளவுக்கே முக்கியம். காலையில் மொத்தப் பதிவையும் 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்டம் என்று குறிப்போம். ஒரு ராத்திரிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் துண்டு வரும்.

ஒரு ராத்திரியில என்னென்ன கட்டம், எப்ப எப்ப வருதுங்க?

கட்டங்கள் நான்கு. முதலாவது, கண் சொக்கும் நேரம். கண் மெதுவாக உருளும், தொட்டால் முழித்துக்கொண்டு "நான் தூங்கவே இல்லையே" என்பார்கள். இரண்டாவது, நடுத்தரத் தூக்கம். விநாடிக்கு 11 முதல் 16 என்ற வேகத்தில் அலைகள் கூடி, மில் கதிரில் நூல் சுற்றியதுபோல நடுவில் பருத்து இரண்டு முனையிலும் மெலிந்து தெரியும். ராத்திரியில் பாதி இந்தக் கட்டத்திலேயே போய்விடும். மூன்றாவது, ஆழ்தூக்கம். 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய மெதுவான பெரிய அலைகள் 30 விநாடித் துண்டில் ஆறு விநாடியாவது இருந்தால் ஆழ்தூக்கம் என்று குறிப்போம். நான்காவதுக்கு ரெம் தூக்கம் என்று பெயர். மூடிய இமைக்குள் கண் சடசடவென்று ஓடும், மூளையலை விழிப்பைப் போல இருக்கும், தாடைத் தசையோ ராத்திரியிலேயே மிகவும் தளர்ந்து கிடக்கும்.

முப்பது வயது சுமாருக்கு ஆரோக்கியமான ஒருவர் பத்து மணிக்குப் படுத்து, 10:10க்குத் தூங்கி, 5:30க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை தாண்டியதும் ஆழ்தூக்கத்துக்குப் போய் 40 நிமிடம் போல அங்கே இருப்பார். பதினொன்றரைக்கு முதல் ரெம் வரும், ஆறே நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு முதல் சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் ஆழ்தூக்கம் 25 நிமிடம், ஒரு மணி வாக்கில் ரெம் 15 நிமிடம். மூன்றாவது சுற்றில் ஆழ்தூக்கம் பத்து நிமிடத்துக்குச் சுருங்கும், ரெம் 20 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு ஆழ்தூக்கம் ஏறக்குறைய இல்லை. 3:55 முதல் 25 நிமிடமும், ஐந்து மணி முதல் 30 நிமிடமும் ரெம். ஒரு சுற்று சராசரியாக ஒன்றரை மணி நேரம், அதில் முன்னே பின்னே இருக்கும்.

கூட்டிப் பாருங்கள். தூக்கம் 440 நிமிடம், ரெம் 96 நிமிடம், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த 96இல் 55 நிமிடம் 3:55க்குப் பிறகுதான் வருகிறது. மூணு ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டதென்று மோட்டார் போட 3:55க்கு எழுந்து போய், திரும்பப் படுக்காத விவசாயி இழப்பது தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ரெமில் பாதிக்கும் மேல் போய்விடுகிறது. ஆழ்தூக்கத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. "எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்" என்பதோடு "எந்த மணி நேரம்" என்றும் நாங்கள் கேட்பது இதனால்தான்.

கனவு வர்றது அந்தக் கண்ணு ஓடற நேரத்துல மட்டுந்தானுங்களா?

முக்கால்வாசி ஆமாம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் இருவரும் தூக்கத்தில் இப்படிக் கண் ஓடுவதைப் பற்றி முதலில் எழுதினார்கள். அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனுக்கே ஒயர் மாட்டித்தான் இதைக் கவனித்தார். கண் ஓடும்போது எழுப்பிக் கேட்டால் என்ன சொல்கிறார்கள் என்று 1957இல் வில்லியம் டெமெண்ட்டும் கிளைட்மனும் பார்த்தார்கள். பத்தில் எட்டுத் தடவை கனவு சொன்னார்கள். மற்ற நேரத்தில் எழுப்பினால் நூற்றுக்கு ஏழு தடவைதான்.

அந்த ஏழு பிற்பாடு நிற்கவில்லை. "கனவு கண்டீர்களா" என்று கேட்காமல் "எழுப்புவதற்கு முன் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது" என்று கேட்டபோது, ரெம் அல்லாத தூக்கத்திலும் பலர் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். அது பெரும்பாலும் சின்ன நினைப்பாகவோ ஒரு காட்சியாகவோ இருக்கும். கதை போல நீள்கிற, பயமும் அழுகையும் கலந்த, ஊரே மாறிப்போகிற கனவுகள்தான் ரெமின் அடையாளம்.

விடியக்காலைல கண்ட கனவு பலிக்கும்னு எங்க அம்மிச்சி சொல்லுவாங்க. அதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?

பலிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் விடியற்காலைக் கனவுக்குத் தனி மதிப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது, அது மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. ராத்திரியின் மிக நீளமான ரெம் விடியற்காலையில் வருகிறது. உடம்புச் சூடு ராத்திரியில் மிகக் குறைந்துபோகும் நேரத்தை ஒட்டியும், அதைத் தாண்டிய சில மணி நேரத்திலும்தான் ரெம் அதிகம் வர நம் உடற்கடிகாரம் வழிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது நாலு, ஐந்து மணி வாக்கு. அதனால் அந்நேரக் கனவு நீளமாகவும் கோர்வையாகவும் இருக்கும்.

அப்புறம், அதிலிருந்து நேராக முழித்துக்கொள்கிறோம். பதினொன்றரை மணிக் கனவு முடிந்தபின் இன்னும் ஆறு மணி நேரம் தூக்கம் வந்து மூடிவிடுகிறது. ஐந்தேகால் மணிக் கனவின்போது சேவல் கூவிவிடுகிறது. நினைவில் நிற்பது அது ஒன்றுதான். நின்றதில் எது நிஜமானதோ அதை ஊருக்குச் சொல்கிறோம், நடக்காமல் போனதை அன்றைக்கே மறந்துவிடுகிறோம்.

எனக்குக் கனவே வர்றதில்லீங்க. அது ஏதாவது கோளாறுங்களா?

கோளாறு இல்லை. கனவே வராது என்று சொல்கிறவரையும் ரெம் நடுவில் எழுப்பினால் பெரும்பாலும் ஏதாவது சொல்வார். அந்த நேரத்தில் மூளையில் நார்அட்ரினலின் சுரப்பு ஏறக்குறைய நின்றிருக்கும். புதுச் செய்தியை நினைவில் பதிக்க உதவுகிற பொருள் அது. எனவே கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே முழித்து, அதைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தால்தான் நிற்கும். அலாரம் அடித்ததும் போனை எடுத்துப் பார்த்தால் போயே போயிற்று.

மனச்சோர்வுக்கான மருந்துகளில் பல ரெம் தூக்கத்தைக் குறைக்கும். புதிதாக மருந்து தொடங்கி, கனவின் போக்கு மாறியிருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த ரெம் மொத்தமாகத் திரும்பி வந்து, பயங்கரக் கனவாக அடிக்கும்.

ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் நல்லாத் தூக்கம் வருதுங்க. அதுல என்ன தப்பு?

சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மை. முன்ராத்திரியில் ரெம் அமுங்கிப்போகும் என்பதும் உண்மை. சரக்கின் வேகம் இறங்கியதும், இரண்டு மூன்று மணிக்கு மேல் தூக்கம் துண்டு துண்டாகும், விட்டுப்போன ரெம் முண்டியடித்துக்கொண்டு வரும். வேர்த்து விறுவிறுத்து, கன்னாபின்னாக் கனவோடு நாலு மணிக்கு முழிப்பு தட்டுவது அதனால்தான்.

மில்லுல நைட் ஷிப்ட்டுங்க. காலைல எட்டு மணிக்கு வந்து படுத்தா, படுத்ததுமே கனவு வருது. அரைகுறையா முழிச்சுக்கறேன். ஏனுங்க?

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி ஒரு விளக்கம் கொடுத்தார், அது இன்றைக்கும் நிற்கிறது. ஒன்று, முழித்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப ஏறும் தூக்கப் பசி. ஆழ்தூக்கம் இதைத்தான் கேட்டு வரும், எந்த நேரத்தில் படுத்தாலும் முதலில் வரப் பார்க்கும். இன்னொன்று, வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடற்கடிகாரம். ரெம் பெரும்பாலும் இதன் பேச்சைத்தான் கேட்கும்.

நீங்கள் எட்டு மணிக்குப் படுக்கும்போது தூக்கப் பசி உச்சத்தில் இருக்கிறது. ரெமுக்கான நேரமும் இன்னும் முழுதாக முடியவில்லை. அதனால் வழக்கமாக முதலில் வரும் ஆறு நிமிட ரெம், சீக்கிரமாகவும் நீளமாகவும் வந்துவிடலாம். கொஞ்ச நேரத்தில் உடற்கடிகாரம் "பகலாகிவிட்டது, எழு" என்று தள்ளுகிறது, உடம்பு சூடேறுகிறது, தெருவில் காய்கறி வண்டிக்காரர் மைக்கில் கூவுகிறார். தூக்கம் நாலைந்து மணி நேரத்தில் அறுந்துபோகிறது. அடிக்கடி முழிப்பதால் கனவுகளும் அதிகம் நினைவில் நிற்கின்றன. வேலை முடிந்து வரும்போது கண்ணில் வெயில் படாமல் கறுப்புக் கண்ணாடி போடுவது, ஜன்னலுக்குத் தடித்த துணி, ஷிப்டின் கடைசிச் சில மணி நேரத்தில் டீயை நிறுத்துவது, இவை ஓரளவு உதவும். வாராவாரம் மாறுகிற ஷிப்டுக்கு உடற்கடிகாரம் பழகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது ஒரு பக்கம் திரும்புவதற்குள் ஷிப்ட் மாறிவிடும்.

முழிச்சுட்டேன், கண்ணு தெரியுது, கைகால அசைக்க முடியல. நெஞ்சு மேல யாரோ உக்காந்து அமுக்குறாங்க. இது அமுக்குப் பேய்தானுங்களே?

ரெமில் தாடைத் தசை தளர்ந்திருக்கும் என்றேனே, தாடை மட்டுமல்ல, கண்ணும் உதரவிதானமும் போகக் கைகால் எல்லாமே அப்படித்தான். மூளைத்தண்டு முதுகுத்தண்டு வழியாகத் தசை நரம்புகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கனவில் ஓடும்போது நிஜமாக எழுந்து ஓடாமல் இருப்பதற்கான பூட்டு அது. சில சமயம் மூளை முழித்துக்கொள்ளும், பூட்டு திறக்கச் சில விநாடியோ ஓரிரு நிமிடமோ தாமதமாகும். ஆழ்ந்து மூச்சிழுக்க நினைத்தால் நெஞ்சுத் தசை கேட்காது, அதுதான் அமுக்குவது போல இருக்கும். கனவின் மிச்சம் கண்முன் நிற்பதால் அறையில் ஆள் நிற்பதாகவும் தோன்றும்.

மல்லாந்து படுத்தால், தூக்கம் கெட்டிருந்தால், ஷிப்ட் மாறிய வாரத்தில் இது அதிகம் வரும். ஆபத்து இல்லை. விரல் நுனியையோ கால் கட்டை விரலையோ அசைக்கப் பாருங்கள், சீக்கிரம் விடும். பகலிலும் அடக்க முடியாத தூக்கம், சிரித்தாலோ கோபப்பட்டாலோ முழங்கால் தொய்ந்து விழுவது, இவையும் கூட இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எம் பையன் படுத்து ஒரு மணி நேரத்துல வீல்னு கத்தறான். காலைல கேட்டா ஒண்ணும் தெரியலைங்கறான். எங்கப்பாரு என்னடான்னா விடியக்காலைல தூக்கத்துல கைய ஓங்கி அடிக்கறாரு. குடும்பத்துல ஓடற வியாதிங்களா?

இரண்டும் வேறு வேறு, நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பையனுக்கு வருவது படுத்த ஒரு மணி நேரத்தில், அதாவது ஆழ்தூக்க நேரத்தில். மூளையில் ஒரு பாதி முழித்து, மறுபாதி முழிக்காத நிலை. கண் திறந்திருக்கும், நெஞ்சு படபடக்கும், அம்மாவைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. கனவு இல்லாததால் காலையில் சொல்ல ஒன்றும் இருக்காது. தட்டி எழுப்பாமல், விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கும், கட்டாமலும் நிற்கும்.

அப்பா விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அவருடையது பின்ராத்திரி, ரெம் நேரம். கண் மூடியிருக்கும், கட்டிலை விட்டுப் பெரும்பாலும் எழுந்து நடக்க மாட்டார், எழுப்பினால் "தோட்டத்துல நாய் பாய்ஞ்சுது, அடிச்சேன்" என்று கனவைச் சொல்வார். மேலே சொன்ன பூட்டு அவருக்குப் பழுதாகியிருக்கிறது. பிரான்சில் மிஷெல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் அந்த இடத்தைச் சேதப்படுத்தியபோது அவை தூக்கத்திலேயே எழுந்து வேட்டையாடுவது போல நடந்துகொண்டன. மனிதரில் இது தனி நோய் என்று 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் இருவரும் எழுதினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. வேறு காரணமின்றி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, பல ஆண்டுகள் கழித்து பார்க்கின்சன் போன்ற நோய் தலைகாட்டுகிறது. தூக்கப் பரிசோதனையில் ரெம் நேரத்தில் தாடைத் தசை இறுகியிருப்பது தெரிந்தால்தான் உறுதி செய்வார்கள். அதுவரை கட்டில் பக்கத்தில் அரிவாள், கண்ணாடி டம்ளர் எதுவும் வேண்டாம்.

அதெல்லாஞ் செரி, கனவு எதுக்குத்தானுங்க வருது?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. எப்படி வருகிறது என்பது ஓரளவு தெரியும். 1990களில் ரெம் நேரத்து மூளையைப் படம் பிடித்தபோது, பயம், பாசம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகள் சுறுசுறுப்பாகவும், "இது சாத்தியமா" என்று சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கியும் இருந்தன. இறந்துபோன அப்பிச்சி திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் கனவில் நமக்கு ஆச்சரியம் வராததற்கு இதுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

எதற்கு என்பதில்தான் சண்டை. 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும், மூளைத்தண்டு தாறுமாறாக அனுப்பும் தூண்டல்களுக்கு மேல்மூளை ஒரு கதை கட்டுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். அந்த விளக்கத்தில் ஓட்டை உண்டு. மேல்மூளையில் சில இடங்கள் சேதமானவர்களுக்கு ரெம் இருந்தும் கனவு நின்றுபோவதை மார்க் சோம்ஸ் காட்டினார். ஆபத்தைச் சமாளிக்கக் கனவில் ஒத்திகை நடக்கிறது என்பது 2000இல் ரெவோன்சுவோ சொன்னது. படிக்கச் சுவையாக இருக்கும், சோதித்துப் பார்ப்பது கடினம்.

எனக்கு அதிகம் ஒத்துவருவது நினைவோடு தொடர்புபடுத்தும் விளக்கம். 2000இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு சிலரை டெட்ரிஸ் விளையாட விட்டுத் தூங்க வைத்தது. கண் சொக்கும்போது கட்டைகள் விழும் காட்சி பலருக்கு வந்தது. விளையாடியதே நினைவில்லாத, மறதி நோய் உள்ள சிலருக்கும் வந்தது. 2010இல் அதே வட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், கணினியில் வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்துக் குட்டித் தூக்கம் போடவிட்டார்கள். அதைப் பற்றிக் கனவு கண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அப்படிக் கண்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கனவினால் முன்னேறினார்களா, மூளை உள்ளே அந்தப் பாடத்தை அடுக்கிக்கொண்டிருந்ததன் நிழல்தான் கனவா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. பழைய மனச்சோர்வு மருந்துகளால் மாதக்கணக்கில் ரெம் அறவே இல்லாமல் இருந்தவர்களுக்கு நினைவாற்றல் பெரிதாகக் கெடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூக்கம் நினைவுக்கு உதவுகிறது என்பது உறுதி. அதில் கனவின் பங்கு இன்னும் நிரூபணமாகவில்லை.

கனவுலயே "இது கனவு"ன்னு எனக்குத் தெரிஞ்சுருதுங்க. அப்படி வருமுங்களா, இல்ல பாதி முழிப்புங்களா?

வரும், தூக்கம்தான். ரெமில் உடம்பு பூட்டப்பட்டிருந்தாலும் கண் பூட்டப்படவில்லை என்பதை வைத்தே இதை நிரூபித்தார்கள். "கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை தடவை ஆட்டு" என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹர்னும், பிறகு அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜும் அந்தச் சைகையைப் பதிவில் பிடித்தார்கள். மூளையலையும் தாடைத் தசையும் ரெம் என்று காட்டும் அதே நேரத்தில் கண் கோடு மட்டும் ஒழுங்காக இடம் வலம் போனது.

2021இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு படி மேலே போனார்கள். கனவில் இருந்த ஒருவரிடம் எட்டில் ஆறு போனால் மிச்சம் என்ன என்று மெதுவாகக் கேட்டார்கள். அவர் தூங்கிக்கொண்டே கண்ணை இரண்டு தடவை இடம் வலம் ஆட்டினார். இப்படிக் கேட்ட எல்லோரும் பதில் சொல்லிவிடவில்லை, பெரும்பாலான கேள்விகளுக்குப் பதிலே வரவில்லை. எங்கள் பரிசோதனை அறையில் இதெல்லாம் செய்வது கிடையாது, ஆகவே "எனக்கும் ஒரு கணக்குக் கேளுங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.